ஒரே கிளையில் நான்கு நிறம்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பன்றிமலை. திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையின் இந்த ஊர்களில் நவம்பர் கடைசியில் ஏதாவது ஒரு காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்து, ஒரு செடியின் ஒரு கிளையை மட்டும் கையில் பிடித்துப் பாருங்கள். கணுவுக்குக் கணு கொத்தாகக் காய்த்திருக்கும். ஒரு கணுவில் நான்கைந்து பழங்கள் நன்றாகச் சிவந்து பளபளக்கும். அவற்றை ஒட்டியே மஞ்சள் ஏறத் தொடங்கிய காய்கள் இரண்டு இருக்கும். அடுத்த கணுவில் கறுத்துச் சுருங்கிப்போன பழம் ஒன்று தொங்கும். நுனிப் பக்கத்தில் இருப்பவையோ இன்னும் கெட்டிப் பச்சை.

பார்ப்பதற்கு அழகான காட்சிதான். ஆனால் காப்பியின் ருசியை நிர்ணயிக்கிற சிக்கல் இந்த நான்கு நிறங்களில்தான் இருக்கிறது. நான்கையும் ஒன்றாக உருவி ஒரே சாக்கில் போட்டால், பிறகு எவ்வளவு கவனமாகக் காயவைத்தாலும், எத்தனை பக்குவமாக வறுத்தாலும், தம்ளரில் ஒரு துவர்ப்பும் ஒரு புளிப்பு வாடையும் வந்தே தீரும். சிவந்ததை மட்டும் எடுத்தால் அதே செடி, அதே மண்ணில் வேறொரு காப்பியைத் தரும். ஒரு கிளையில் நான்கு நிறம் எப்படி வருகிறது, அதைக் குறைக்க என்ன செய்யலாம், குறைக்க முடியாதபோது எப்படிப் பறிக்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் பதில் மழையிலும் நிழலிலும் பறிக்கும் நாளிலும் இருக்கிறது.

பூவைத் திறக்கும் மழை

தமிழ்நாட்டு மலைகளில் விளைவது பெரும்பாலும் அராபிகா வகைக் காப்பி. இந்தச் செடியின் மொட்டுகள் பனிக்காலத்திலேயே உருவாகி, அரை சென்டிமீட்டர் நீளம் வந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கத் தொடங்கிவிடும். சில வாரம் மண் காய வேண்டும், செடி சற்றே தாகத்தில் வாட வேண்டும். அதன்பின் ஒரு நல்ல மழை பெய்தால் மொட்டு விழித்துக்கொள்ளும். மழை பெய்து எட்டு முதல் பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க மல்லிகை போல வெள்ளைப் பூ விரியும். தோட்டக்காரர்கள் இதைப் பூ மழை என்கிறார்கள்.

எவ்வளவு மழை பெய்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், அதாவது தோட்டக் கணக்கில் ஓர் அங்குலம், ஒரே வீச்சில் பெய்தால் தயாராக இருக்கும் மொட்டுகளில் பெரும்பாலானவை ஒன்றாகப் பூக்கும். ஒன்றாகப் பூத்தவை ஏறத்தாழ ஒன்றாகவே பழுக்கும். ஏழெட்டு மில்லிமீட்டர் மட்டும் தூறிவிட்டுப் போனால், முற்றிய மொட்டுகள் சில மட்டும் திறக்கும். மற்றவை உறக்கத்திலேயே இருக்கும், அல்லது பாதி வீங்கிக் காய்ந்துவிடும். அடுத்த மழைக்கு இன்னொரு பங்கு பூக்கும். அதற்கடுத்த மழைக்கு மிச்சம். பெரிய எஸ்டேட்டுகளில் மழைமானி வைத்து, பெய்த அளவையும் பூத்த நாளையும் நோட்டில் குறித்து வைப்பதற்குக் காரணம் இதுதான். ஏழெட்டு மாதம் கழித்து ஆட்களை எந்த வாரத்தில் வரச்சொல்ல வேண்டும் என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் பிப்ரவரி 12-ம் தேதி 8 மில்லிமீட்டர் தூறல் விழுகிறது. மார்ச் 15-ல் 30 மில்லிமீட்டர் பெய்கிறது. ஏப்ரல் 10-ல் இன்னொரு 25 மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது நாள் கழித்துப் பூ விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 21-ல் கொஞ்சம், மார்ச் 24-ல் நிறைய, ஏப்ரல் 19-ல் மீதி. அராபிகா பூத்ததிலிருந்து பழுக்க எட்டு, ஒன்பது மாதம் பிடிக்கும். எட்டு என்றே எடுத்துக்கொண்டால், முதல் பூ அக்டோபர் 20 வாக்கிலும், இரண்டாவது நவம்பர் 24 வாக்கிலும், மூன்றாவது டிசம்பர் 19 வாக்கிலும் பழமாகும். ஒரே கிளையில் மூன்று தலைமுறை. முதலில் பார்த்த நான்கு நிறங்களுக்கு விளக்கம் இவ்வளவுதான்.

பூத்தபிறகும் மழையின் வேலை முடிவதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை கிடைத்தால்தான் பிஞ்சு நிலைக்கும். அது பொய்த்துக் கடும் வெயில் அடித்தால் பிஞ்சு கொட்டும், அல்லது கொட்டை சிறுத்துப்போகும். கர்நாடகத்துத் தோட்டங்களில் தண்ணீர் வசதி உள்ளவர்கள் தெளிப்பான் வைத்து இந்த இரண்டு மழையையும் தாங்களே பெய்யவைத்துக்கொள்கிறார்கள். குறிப்பாக ரொபஸ்டா வகைக்கு. சரிவான கீழ்ப்பழனி மலையில், கோடையில் ஓடையே வற்றிப்போகும் சிறு தோட்டங்களுக்கு அந்த வசதி எளிதில் அமைவதில்லை. வானம் கொடுத்ததை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

பழத்துக்குள் நடப்பது

சிவப்பு என்பது தோலின் நிறம் மட்டும் இல்லை. நன்றாகப் பழுத்த காப்பிப் பழம் ஒன்றை விரலுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினால், தோல் வழிவிட்டு, வழுவழுப்பான பசை பூசிய இரண்டு கொட்டைகள் நழுவி வெளியே வந்துவிடும். அந்தப் பசையை நாக்கில் வைத்தால் தித்திக்கும். பாதி மஞ்சளான காயை அழுத்தினால் தோல் நசுங்குமே தவிர கொட்டை எளிதில் வராது. பச்சைக் காயை விரலால் பிதுக்கவே முடியாது. பழம் பழுத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை கிடையாது.

கடைசிச் சில வாரங்களில் கொட்டைக்குள்ளும் மாற்றம் நடக்கிறது. இலையிலிருந்து வரும் சர்க்கரை கொட்டையில் சேர்ந்துகொண்டே போகிறது. முற்றிய அராபிகாக் கொட்டையின் காய்ந்த எடையில் 6 முதல் 9 சதவீதம் வரை சுக்ரோஸ் சர்க்கரை இருக்கும். வறுக்கும்போது இந்தச் சர்க்கரை அப்படியே நிற்பதில்லை. உடைந்தும் கருகியும் மற்றப் பொருள்களோடு சேர்ந்தும் மணமாகவும், இதமான புளிப்பாகவும், வெல்லப்பாகு போன்ற நிறைவாகவும் மாறுகிறது. வறுத்த காப்பியில் சர்க்கரை கிட்டத்தட்ட மிஞ்சுவதே இல்லை என்றாலும், காப்பியில் நாம் இனிமை என்று உணர்வதற்குப் பெரும் பங்கு அதுதான் காரணம்.

பச்சைக் காயின் கொட்டையில் இந்தச் சர்க்கரை போதாது. அதோடு, துவர்ப்பைத் தரும் குளோரோஜெனிக் அமிலங்கள் அதில் கூடுதலாக இருக்கும். பழுக்கப் பழுக்கத்தான் அவை தணியும். ஆகவே பச்சையில் பறித்த கொட்டை பச்சைப் புல் வாடையும் நாக்கை இழுக்கிற துவர்ப்பும் தரும். மறுமுனையில், மரத்திலேயே கிடந்து கறுத்த பழத்துக்குக் குறை வேறு. தோலுக்குள் இருக்கும் சர்க்கரைப் பசையில் ஈஸ்டும் பாக்டீரியாவும் புகுந்து புளிக்கத் தொடங்கிவிடும். அளவோடு இருந்தால் பழ ஒயின் போன்ற வாசம் வரும். மீறினால் ஊசிப்போன புளிப்புதான் கொட்டைக்குள் இறங்கும். பச்சையில் துவர்ப்பு, முற்றி மீறியதில் நாற்றம். நடுவில் இருக்கும் அந்தச் சிவப்பு ஒரு வாரம், பத்து நாள், தட்பவெப்பம் சாதகமாக இருந்தால் இரண்டு வாரம் நிற்கும். அவ்வளவுதான் அவகாசம்.

பழுக்கும்போது பெய்யும் மழை

குடகிலும் சிக்கமகளூரிலும் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். அங்கே பழம் சிவக்கும் நவம்பர், டிசம்பரில் பொதுவாக வானம் வெளுத்திருக்கும். பறிக்கவும் காயவைக்கவும் ஏற்ற பருவம். பழனி மலை அப்படி இல்லை. இங்கே பெரும்பங்கு மழையைத் தருவது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. காய் சிவக்கும் நேரமும் மழை பெய்யும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. தமிழ்நாட்டுக் காப்பிக்காரர்களின் தனிப்பட்ட கஷ்டம் இது.

பழுத்த பழத்தின் மேல் விடாத மழை மூன்று விதமாகக் கெடுதல் செய்கிறது. முதலாவது, வேர் உறிஞ்சும் நீர் பழத்துக்குள் ஏற, தோல் தாங்காமல் வெடிக்கும். வெடிப்பு வழியே இனிப்புப் பசை கரைந்து வழிய, புளிப்பு உள்ளே நுழையும். வெடித்த பழம் வெளியில் சிவப்பாகவே தெரியும். கையில் எடுத்துப் பார்த்தால்தான் கீறல் தெரியும், முகர்ந்தால் லேசான காடி வாடை அடிக்கும். இரண்டாவது, காம்பு தளர்ந்து பழம் உதிரும். ஈர மண்ணில் இரண்டு நாள் கிடந்த பழத்தின் கொட்டை மண்வாடையை ஏற்றுக்கொண்டுவிடும். அதை எந்த வறுவலாலும் போக்க முடியாது. மூன்றாவது, பறிக்க ஆள் இறங்க முடியாது. சரிவான மலையில், வழுக்கும் மண்ணில், கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு கொட்டும் மழையில் யாரும் நிற்க முடியாது. நான்கு நாள் அடைமழை என்றால், அந்த நான்கு நாளும் சிவப்பு கறுப்பை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும்.

பறித்தபின்னும் மழை விடுவதில்லை. தோல் நீக்கி, பசையைப் புளிக்கவிட்டுக் கழுவிய கொட்டையை வெயிலில் காயவைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் ஈரம் 11 சதவீதத்துக்கு வந்துவிடும். தோலோடு முழுப் பழமாகக் காயவைக்க அதைவிட அதிக நாள் ஆகும். மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நவம்பரில் களத்தில் விரித்த பழத்தைப் பகலில் மூன்று தடவை தார்ப்பாய் போட்டு மூடித் திறக்க வேண்டியிருக்கும். மூடிய பாய்க்குள் வேர்த்துப்போன பழத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் காப்பியில் பூட்டிக் கிடந்த அறையின் வாடை வரும்.

கர்நாடகத்துக்கும் இந்தத் தொல்லை இப்போது அந்நியமில்லை. 2021 ஜனவரியில் குடகு, சிக்கமகளூர்ப் பகுதிகளில் எதிர்பாராத மழை பெய்து, பறிக்க இருந்த பழம் தரையில் கொட்டியது. களத்தில் காய்ந்துகொண்டிருந்ததும் நனைந்தது. அதைவிட மோசமானது, பறிப்பு முடியும் முன்பே பெய்த மழையில் செடி அடுத்த பூவுக்குத் தயாராகிவிடுவது. பழமும் பூவும் ஒரே கிளையில் நின்றால், பழம் பறிக்கும் கை பூவையும் உதிர்த்துவிடும். இந்த ஆண்டுக் கொட்டையின் ருசியும் கெட்டு, அடுத்த ஆண்டின் பறிப்பும் சிதறிப்போகும்.

நிழல் தரும் அவகாசம்

மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் பழுக்கும் வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்தலாம். அதற்குத்தான் நிழல் மரம். கீழ்ப்பழனித் தோட்டங்களில் காப்பிக்கு மேலே முள்முருங்கையும் சில்வர் ஓக்கும் பலாவும் நிற்கும். சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். இடையிடையே மலைவாழையும் கமலா ஆரஞ்சும் வெண்ணெய்ப் பழமும் இருக்கும். விவசாயிக்கு இவை தனித்தனி வருமானம். காப்பிச் செடிக்கோ இவை குடை.

குடைக்குக் கீழே நண்பகல் வெப்பம் குறையும். வெப்பம் குறைந்தால் பழம் மெல்லப் பழுக்கும். மெல்லப் பழுத்தால் கொட்டை நிறைவதற்கு நேரம் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. நேர் வெயிலில் நிற்கும் செடி ஏராளமாகப் பூக்கும், ஏராளமாகக் காய்க்கும். அத்தனை காய்க்கும் உணவு தர இலை போதாது. செடி தன் இலையையே உதிர்த்துக்கொண்டு, கிளை நுனி காய்ந்து, கொட்டை நிறையாத காய் வெறுமனே சிவந்து நிற்கும். தோல் சிவந்தாலே பழம் தேறிவிட்டது என்று நம்ப முடியாத இடம் இது. நிழலில் பூ குறைவு, காய் குறைவு. ஒவ்வொரு காய்க்கும் பங்கு அதிகம்.

கோஸ்டா ரிகாவில் பிலிப் வாஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அராபிகாவை வெயிலிலும் நிழலிலும் வைத்து ஒப்பிட்டு, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். நிழலில் பழுப்பது ஒரு மாதம் வரை தள்ளிப்போனது, கொட்டை பருத்தது, காப்பியில் கசப்பும் துவர்ப்பும் குறைந்தன. விளைச்சலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நிழலில் காப்பி வளர்ப்பவர் கொடுக்கும் விலை அது. ஆனால் வெயிலில் நிற்கும் செடி ஓர் ஆண்டு கொட்டிக் கொடுத்து மறு ஆண்டு ஓய்ந்துவிடும்; நிழலில் அந்த ஏற்ற இறக்கம் தணியும் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

இதைப் படித்துவிட்டு நிழல் கூடக் கூட ருசி கூடும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் உயரமான மலையில் அடர்ந்த நிழல் தேவையில்லை. தெற்குக் கொலம்பியாவின் சிறு தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வில், உயரமான இடங்களில் நிழல் கூடியபோது காப்பியின் ருசி குறைந்ததாகவே தெரிந்தது. நிழல் பயன் தருவது வெப்பம் தொல்லை தரும் இடத்தில்தான். 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோட்டத்துக்கு ஏற்ற நிழல் 1,500 மீட்டரில் மிகையாகிவிடலாம்.

பழனி மலைக்கு இதில் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு. பருவமழைக் காலத்தில் மேலே அடர்ந்த நிழலும் கீழே தங்கும் மூடுபனியும் சேர்ந்தால் இலை காயவே காயாது. துருநோய் பரவும், பழம் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும், நனைந்த பழத்தில் பூஞ்சை ஏறும். ஆகவே மழைக்கு முன்பு முள்முருங்கையின் கிளைகளைக் கவாத்து செய்து வெளிச்சத்தைத் திறந்துவிடுவார்கள். அது விரைவாகத் துளிர்க்கும் மரம். கோடை வருவதற்குள் மறுபடி குடை விரித்துவிடும். சில்வர் ஓக்கும் பலாவும் நிலையாக நிற்கும் மேல் நிழல். முள்முருங்கை தேவைக்கேற்பத் திறந்து மூடும் கீழ் நிழல். தோட்டத்துக்குள் நின்று பார்த்தால் தரையில் வெயிலும் நிழலும் திட்டுத் திட்டாகக் கலந்து விழ வேண்டும். ஒரே இருட்டாகவும் இருக்கக் கூடாது, ஒரே வெயிலாகவும் இருக்கக் கூடாது.

எந்த நாளில் பறிப்பது?

முன்பு போட்ட கணக்குக்குத் திரும்புவோம். அந்தத் தோட்டத்தில் 100 காய்களை எடுத்துக்கொண்டால், பிப்ரவரித் தூறலில் பூத்தவை 15, மார்ச் மழையில் பூத்தவை 55, ஏப்ரலில் பூத்தவை 30 என்று வைத்துக்கொள்வோம்.

தோட்டக்காரர் ஆள் பற்றாக்குறையால் நவம்பர் 24-ம் தேதி ஒரே மூச்சில் உருவி எடுத்தால் அவருக்குக் கிடைப்பது என்ன? 55 நல்ல சிவப்பு. அக்டோபரிலேயே பழுத்த 15 இந்நேரம் கறுத்துக் காய்ந்திருக்கும், அல்லது மழையில் வெடித்து உதிர்ந்திருக்கும். மீதி 30 இன்னும் ஒரு மாதம் போக வேண்டிய பச்சைக்காய். நூற்றுக்கு நாற்பத்தைந்து பழுது. பச்சை முழுதும் பழுக்கட்டும் என்று டிசம்பர் 19 வரை காத்திருந்து உருவினால் நிலைமை இன்னும் மோசம். 30 மட்டுமே சிவப்பாக இருக்கும். பெரும் பங்கான அந்த 55 மரத்திலேயே வற்றிப்போயிருக்கும். எந்த ஒரு நாளைத் தேர்ந்தாலும் சரியான நாள் என்று ஒன்று கிடையாது.

ஆகவேதான் சுற்றுச் சுற்றாகப் பறிக்கிறார்கள். அக்டோபரில் முதல் சுற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்ததை மட்டும் பொறுக்குவது. கிடைக்கும் எடை குறைவாக இருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. சீக்கிரம் பழுத்த பழத்தில்தான் காய்த்துளைப்பான் வண்டு முதலில் குடியேறும். 1990-ல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்ட இந்த வண்டு, விட்டுவிட்ட பழத்திலிருந்துதான் அடுத்த காய்க்குப் பரவுகிறது. அடுத்து, பெரும் பறிப்பு: இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக இரண்டு மூன்று சுற்று. கடைசியில் மிச்சம் மீதியைப் பச்சை, சிவப்பு பாராமல் உருவுவது. அதற்கும் பிறகு, தரையில் கிடப்பதைக் கூட்டி அள்ளித் தோட்டத்தைச் சுத்தப்படுத்துவது. இந்தக் கடைசி இரண்டையும் முந்தைய பறிப்போடு சேர்க்காமல் தனியாக வைத்தால் போதும், காப்பியின் தரம் பாதி காப்பாற்றப்பட்டுவிடும்.

எழுத எளிதாக இருக்கும் இந்த முறை தோட்டத்தில் எப்படி நெருக்கடிக்கு உள்ளாகிறது என்பதை ஒரு மாலை எடைபோடும் இடத்தில் பார்த்தேன். கூடைகளைக் கொட்டிப் பார்த்த மேஸ்திரி ஒரு குவியலில் கையை விட்டு அளைந்தார்.

"என்னக்கா, மஞ்சளும் பச்சையுமா பாதிக்குப் பாதி கெடக்கு?"

"மேக்கால கருத்துக்கிட்டு நிக்குது பாருங்கண்ணே. நாளைக்கு மழை புடிச்சா இந்த மஞ்சளெல்லாம் சிவந்து கீழதான் கெடக்கும். அப்ப மண்ணோட அள்ளியாரச் சொல்லுவீங்க. அதுவுமில்லாம சிவப்பை மட்டும் தேடிக்கிட்டிருந்தா எனக்கு எத்தனை கிலோ தேறும்?"

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னதில் இரண்டு உண்மை இருக்கிறது. மழை வருவதற்கு முன் மஞ்சளை எடுப்பது சில நாளில் நியாயமான முடிவுதான். பாதிக்குமேல் நிறம் ஏறிய காய் தரையில் அழுகிய பழத்தைவிட மேல். இரண்டாவது, கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று இருக்கும் வரை பச்சைக்காயும் சிவப்புப் பழமும் தராசுக்கு ஒன்றுதான். சிவப்பை மட்டும் தேடி எடுப்பவர் நாள் முழுக்க உழைத்தும் குறைந்த எடையோடுதான் திரும்ப முடியும். நல்ல காப்பிக்கான செலவைப் பறிப்பவர் தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

கலந்ததைப் பிரிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பறித்த பழத்தை அன்றைக்கே தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் காய்ந்ததும் வண்டு துளைத்ததும் உள்ளே கொட்டை நிறையாததும் மிதக்கும். நல்ல பழம் மூழ்கும். மிதந்ததை அள்ளித் தனியாகக் காயவைப்பார்கள். மூழ்கியது பல்பர் எனும் தோல் நீக்கும் இயந்திரத்துக்குப் போகும். அங்கே பழுத்த பழம் லேசான அழுத்தத்தில் தோலை விட்டுவிடும்; பச்சைக்காய் கெட்டியாக இருப்பதால் உரியாமல் வெளியே வரும். அதைச் சல்லடையில் பிரித்துவிடலாம். ஆனால் பச்சையும் உரியட்டும் என்று இயந்திரத்தை இறுக்கி வைத்தால், நல்ல கொட்டையின் மேல் கீறல் விழும். கீறல் விழுந்த கொட்டை புளிக்கவைக்கும்போது கறை பிடிக்கும். ஆக, சாக்கில் சேர்ந்த பச்சை தன்னோடு நல்லதையும் கெடுத்துவிட்டுத்தான் போகும்.

இதற்கும் தப்பிப்பது பாதி பழுத்த மஞ்சள் காய். அது மூழ்கவும் மூழ்கும், தோலையும் விட்டுவிடும். காய்ந்தபின் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்: கொட்டை சற்று சிறுத்து, பச்சை பாரித்து, மேலே வெள்ளி நிற மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டினாலும் வராது. வறுத்தபிறகு இன்னும் எளிது. சர்க்கரை குறைந்த கொட்டை மற்றவை கரும்பழுப்பாகும்போதும் வெளுத்தே நிற்கும். அதை மட்டும் எடுத்து மென்றால் வறுத்த காப்பியின் ருசி இருக்காது. காய்ந்த வேர்க்கடலைத் தோலின் ருசிதான் இருக்கும்.

ஒரு தம்ளர் டிகாஷனுக்குப் பத்து கிராம் தூள் போடுகிறோம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ எண்பது கொட்டைகள் அரைபட்டிருக்கும். பத்தில் ஒன்று பழுக்காதது என்றால் எட்டுக் கொட்டை. பாலும் சிக்கரியும் சர்க்கரையும் அந்தத் துவர்ப்பை நிறையவே மூடிவிடும். ஆனால் காப்பி குடித்து முடித்தபின் தொண்டையில் ஒரு வறட்சி தங்குவதற்கு அந்த எட்டும் காரணமாகலாம்.

வறுத்த கொட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கேட்டதும் அரைத்துக் கொடுக்கும் கடை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தூளாக வாங்குவதற்கு முன் ஒரு கைப்பிடிக் கொட்டையை வாங்கிப் பாருங்கள். நிறம் ஒன்றுபோல இருக்கிறதா, இடையிடையே வெளுத்தது எத்தனை என்று எண்ணுங்கள். எந்த மலைக் காப்பி, கழுவிக் காயவைத்த பார்ச்மெண்டா, பழமாகவே காயவைத்த செர்ரியா, எந்தச் சுற்றில் பறித்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். முதல் இரண்டு கேள்விக்குப் பதில் வரும். மூன்றாவதுக்குப் பெரும்பாலும் வராது. சிறு விவசாயி பல சுற்றுப் பழத்தையும் ஒன்றாகவே வியாபாரியிடம் போடுகிறார். பட்டிவீரன்பட்டிக் கிடங்குக்கு வந்து சேரும்போது பத்துத் தோட்டத்துக் காப்பி கலந்துவிடுகிறது.

அந்த மூன்றாவது கேள்வியை நிறையப் பேர் கேட்கத் தொடங்கினால் அது மலையேறிப் போகும். சிவப்புப் பழத்துக்குத் தனி விலை கொடுத்து வாங்கும் வியாபாரி இருந்தால்தான் தோட்டக்காரர் நான்கு சுற்றுக்கு ஆள் விட முடியும். பறிப்பவருக்குக் கிலோக் கணக்கோடு சிவப்புக்கென்று ஒரு கூடுதல் கூலி கொடுத்தால்தான் மஞ்சள் காய் இன்னும் பத்து நாள் கிளையில் நிற்கும். கோடை மழை சிதறிச் சிதறிப் பெய்யும் ஆண்டுகளில் பூவும் சிதறும். கிளையில் நிறங்கள் கூடும். சுற்றுகளும் கூட வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் சுற்றுக்கான கூலியைக் காப்பி குடிக்கும் நாம்தான் விலையில் கொடுத்தாக வேண்டும்.